தொப்பிக்காரருக்குப் பெயர் வைப்பது எப்படி

குடும்பத்தில் ஒருவர் காலமாகி எட்டுச் செலவு முடிந்த கையோடு, "அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிக்கவேணும், நீர்தானே எங்களுக்குள்ளை எழுதுகிற ஆள்" என்று யாராவது உங்கள் தலையில் கட்டுவார்கள். தப்ப முடியாது. முப்பத்தோராம் நாளுக்குள் புத்தகம் கையில் இருக்கவேண்டும். தேவாரம், வம்சாவளி, நன்றி நவிலல் எல்லாவற்றையும் போனமுறை அடித்த கல்வெட்டிலிருந்து பெயரை மாற்றி எடுத்துக்கொள்ளலாம். படங்களுக்குக் கீழே போடும் குறிப்பை மட்டும் அப்படி எடுக்க முடியாது. ஆகவே அதைப் பயமில்லாமல் எழுதும் முறையைச் சொல்லித் தருகிறேன். கல்கிசையில் இருந்துகொண்டு என் பெரியம்மாவின் கல்வெட்டுக்காக ஒரே ஒரு படத்தோடு இருபத்திரண்டு நாள் மல்லுக்கட்டியவன் என்பதுதான் எனக்குள்ள தகுதி.

முதல் அறிவுரை: படத்தைத் திருப்பிப் பார்க்கவே கூடாது.

முன்பக்கம் மட்டும் இருக்கும்வரை நீங்கள் சுதந்திர மனிதர். எங்கள் படத்தில் கல்கிசைக் கடற்கரை, பின்னால் பாறைமேட்டில் ஹோட்டல், முன்னால் மணலில் ஐந்து பேர். இடதுகோடியில் சேலை கட்டிய இளம்பெண். பக்கத்தில் உயரமான வாலிபர். அடுத்து வேட்டியும் கோட்டுமாக ஒரு பெரியவர், குடையை ஊன்றிக்கொண்டு இன்னொரு பெரியவர். வலதுகோடியில், மற்றவர்களிடமிருந்து ஒரு முழம் தள்ளி, அகன்ற தொப்பி போட்ட ஒருவர். தொப்பியின் நிழல் மூக்குவரை விழுந்திருக்கிறது. வெயில் பட்ட கன்னமும் சட்டையும் ஒரே வெள்ளையாய் வெளுத்துக் கிடக்கின்றன.

படம் லண்டன் மாமியிடமிருந்து வாட்ஸ்அப்பில் வந்தது. பெரியம்மாவின் வெள்ளவத்தை வீடு 1983 ஜூலையில் எரிந்தபோது அல்பங்களும் போய்விட்டன. அதனால் எங்கள் குடும்பத்தில் பழைய படம் என்றால், எரியுமுன் யாரோ கடிதத்தோடு கடல் தாண்டி அனுப்பிய படம்தான். மாமி படத்துக்குக் கீழேயே தீர்ப்பையும் எழுதியிருந்தா: "அக்காவும் மாமாவும் வில்லியம் ஹோல்டனோடை. 1957."

இங்கே ஒரு சொல் ஹோல்டனைப் பற்றி. 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' படத்தை 1956 கடைசியிலும் 1957இலும் இலங்கையில் எடுத்தார்கள். பாலம் கட்டியது கித்துல்கலையில். ஆஸ்பத்திரிக் காட்சிகளுக்குக் கல்கிசை ஹோட்டல்தான் ஆஸ்பத்திரியாயிற்று. அந்தக் காட்சிகளில் வருபவர் ஹோல்டன். ஆகவே மாமியின் கதை காற்றில் கட்டியதல்ல. இடம் சரி, ஆள் அந்த இடத்துக்கு வந்ததும் சரி. தவறான குறிப்புகளில் பெரும்பாலானவை இப்படித்தான் பிறக்கின்றன. ஹோல்டன் கல்கிசைக்கு வந்தார், எங்கள் ஆட்களும் கல்கிசைக்குப் போனார்கள், ஆகவே சேர்ந்து நின்றார்கள்.

கல்கிசையில் இந்த வியாதி புதிதல்ல. ஆளுநர் மெய்ட்லண்டும் லொவினா என்ற நடனப்பெண்ணும் காதலித்த கதையை ஹோட்டலுக்கு வருகிற எல்லோருக்கும் சொல்வார்கள். மெய்ட்லண்ட் இங்கே ஆளுநராக இருந்தது 1805 முதல் 1811 வரை. புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். லொவினாவின் 'போட்டோ' என்று யாராவது உங்களிடம் ஒன்றை நீட்டினால் முகத்தைக்கூடப் பார்க்கவேண்டாம். கணக்கு இவ்வளவு சுலபமாக முடிவது எப்போதாவதுதான்.

இரண்டாவது அறிவுரை: கோப்பின் பெயரில் உள்ள தேதியை அப்படியே போடவும். எங்கள் படம் வந்த பெயர் `IMG-20190714-WA0003.jpg`. குடும்பத்தில் ஒரு மருமகன், கணினி படித்தவர், "2019 எண்டு கிடக்குதே" என்றார். அது அந்தக் கைபேசிக்கு வாட்ஸ்அப் வழியாகப் படம் வந்துசேர்ந்த தேதி. கமரா திறந்த தேதியல்ல. ஆனாலும் ஒரு நல்ல காரியம் நடந்தது. படத்தை மாமி எப்படிப் பிடித்தா என்று யோசிக்கவைத்தது அந்தப் பெயர்தான். கேட்டால், தன் முகம் பார்த்துப் பிடிக்கிற கமராவால் பிடித்தாவாம். அதில் சில கைபேசிகள் கண்ணாடியில் தெரிவதுபோல இடம்வலம் மாற்றியே சேமிக்கும்.

இது சின்ன விஷயமல்ல. குறிப்பில் 'இடமிருந்து வலம்' என்று எழுதப்போகிறோம். படமே புரண்டிருந்தால் ஐந்து பேருக்கும் பெயர் மாறிவிடும். கடலை வைத்துப் பிடிக்கலாம் என்று முதலில் நினைத்தேன். தெஹிவளைப் பக்கத்து மணலில் நின்று ஹோட்டலைப் பார்த்தால் கடல் வலக்கைப் பக்கம் இருக்கும். ஆனால் ஹோட்டலுக்கு அந்தப் பக்கம், தெற்கிலிருந்து பார்த்தால் இடக்கைப் பக்கம் வந்துவிடும். எந்தப் பக்கத்து மணல் என்று தெரியாதவரை கடல் சாட்சி சொல்லாது. சேலை சொன்னது. முந்தானை இடத்தோளில் விழுவதுதான் வழக்கம். வாட்ஸ்அப் படத்தில் அது அந்தப் பெண்ணின் வலத்தோளில் கிடந்தது. உயரமான வாலிபரின் சட்டைப்பையும் வலமார்பில். ஒன்று மாறியிருந்தால் விசித்திரம் எனலாம். இரண்டும் மாறியிருந்தால் படம்தான் மாறியிருக்கிறது. திருப்பிப் போட்டேன். ஆக, நான் மேலே இடதுகோடி, வலதுகோடி என்று சொன்னதெல்லாம் திருப்பிப் போட்ட பின்னர் உள்ளபடி.

முதல் அறிவுரையை நான் மீறியதால்தான் இத்தனை பாடு. பின்பக்கத்தை அனுப்பச் சொல்லி மாமியிடம் கேட்டேன். "பின்னாலை என்ன இருக்கப்போகுது பிள்ளை, வெறும் தாள்தானே" என்று பத்து நாள் போயிற்று. பதினோராம் நாள் வந்தது. ஒட்டிக் கழற்றிய கறுப்புத்தாளின் தும்பு நாலு மூலையிலும் இருந்தது. நடுவில் நீல மையில் ஒரு வரி:

"கல்கிசை. நான், அண்ணா, குஞ்சியப்பா, மாமா."

இதைப் பார்த்ததும் குடும்பமே குழுவில் ஆரவாரித்தது. ஆதாரம் கிடைத்துவிட்டதாம். எனக்கோ அன்றிரவு நித்திரை போயிற்று. எழுதியிருப்பது நான்கு பேர், நிற்பது ஐந்து பேர். நால்வருக்கும் பெயரில்லை, முறைதான் இருக்கிறது. வெள்ளைக்காரர்களின் பழைய படங்களில் பின்னால் ஒரு பெயராவது கிடைக்கும். நாங்கள் பெரியவர்களைப் பெயர் சொல்லுவது மரியாதையில்லை என்று முறையை எழுதிவிடுகிறோம். முறைக்கு அச்சாணி 'நான்'. அந்த 'நான்' யார் என்று தெரியாவிட்டால் மற்ற மூவரும் ஆகாயத்தில் தொங்குவார்கள்.

அதற்குள் மாமி அந்த வரியையும் தன் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டா. "மாமா எண்டு எழுதிக் கிடக்குதே, அது என்ரை மனுசன்தானே. நீங்கள் எல்லாரும் அவரை மாமா எண்டுதானே கூப்பிடுறனீங்கள்." உண்மைதான், நாங்கள் அப்படித்தான் கூப்பிட்டோம். ஆனால் எழுதியது பெரியம்மாவானால், லண்டன் மாமா அவவுக்கு அண்ணன். அப்போது வரியில் உள்ள 'அண்ணா' தான் எங்கள் மாமா. வரியில் உள்ள 'மாமா' பெரியம்மாவின் தாய்மாமன், எங்களுக்குப் பாட்டன் முறை. ஒரே சொல் ஒரு தலைமுறை இறங்கியதும் வேறொருவரில் போய் நிற்கிறது. பின்பக்கக் குறிப்பைப் படத்தின் கீழ் அப்படியே எடுத்துப் போடுகிறவர்கள், அதை எழுதியவரின் வாயால் தாங்கள் பேசுகிறோம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

சரி, எழுதியது பெரியம்மாதானா? அவவுடைய சமையல் கொப்பி ஒன்று என்னிடம் இருந்தது, 1990களில் எழுதியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 'அண்ணா'வில் வரும் ணா பழைய வடிவம். கால் தனியே நிற்காமல் எழுத்தோடு சேர்ந்து வளைந்து கீழே இறங்கும். தமிழ்நாட்டில் 1978இல் கைவிட்ட வடிவங்களில் அதுவும் ஒன்று. கொப்பியில் வரும் ணாவிலும் அதே வளைவு. எனக்கு ஒரே சந்தோஷம். கடிதம் எழுதிச் சொல்லக்கூட ஆயத்தமானேன். பிறகுதான் மூளை வேலை செய்தது. பழைய எழுத்தில் படித்தவர்கள் எல்லோரும் சாகும்வரை அப்படித்தானே எழுதினார்கள். அந்த ணா எழுதியவர் எந்தக் காலத்தில் எழுத்துப் படித்தவர் என்பதைச் சொல்லும். எப்போது எழுதினார் என்பதையோ, யார் என்பதையோ சொல்லாது. வளைவைவிட எனக்கு உதவியது 'கல்கிசை'யின் ககரத்துக்கு முன்னால் வரும் ஒரு சின்னத் தொங்கல், கொப்பியில் பக்கத்துக்குப் பத்துத் தடவை வருவது. அதை வைத்து, எழுதியது பெரும்பாலும் பெரியம்மா என்று சொல்லலாம். 'பெரும்பாலும்' என்பதை எடுத்துவிட எனக்கு மனமில்லை. ஏனென்றால் அவவின் தங்கையும் அதே பள்ளிக்கூடத்தில் அதே வாத்தியாரிடம் எழுதிப் பழகியவ.

மையையும் பார்த்தேன். குமிழ்முனைப் பேனா, வரி தொடங்கும் இடங்களில் மை பொட்டாகத் தேங்கியிருக்கிறது. அந்தப் பேனா பரவலாகக் கடைக்கு வந்தது 1945க்குப் பிறகு. ஆகவே வரி அதற்குப் பிந்தியது. படத்தை எப்போது வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம், வரியை இருபது வருடம் கழித்தும் எழுதியிருக்கலாம். மருமகன் கேட்டார்: "அப்ப இதாலை என்ன பிரயோசனம்?" இவ்வளவு பிரயோசனம்: அந்த வரி நேரில் பார்த்ததை அன்றே எழுதியதாக இல்லாமல், பிறகு ஞாபகத்தில் எழுதியதாகவும் இருக்கலாம் என்று தெரிந்துகொண்டோம்.

மூன்றாவது அறிவுரை, இதுதான் மிகவும் பிரபலமானது: வயதானவர்களிடம் பெயரைச் சொல்லிக் கேட்கவும். "ஆச்சி, உது ஹோல்டன்தானே?" என்று கேட்டால் எந்த ஆச்சியும் உங்கள் மனத்தை நோகடிக்கமாட்டா. நான் கொஞ்சம் வேறுமாதிரிக் கேட்டேன். கொட்டாஞ்சேனையில் பெரியம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை இருக்கிறா, தொண்ணூறுக்குக் கிட்ட. வேறு பத்துப் படங்களுக்கு நடுவில் இதையும் வைத்துக் கொடுத்து, ஒரு பெயரும் சொல்லாமல், "ஆரார் எண்டு தெரியுதோ?" என்று மட்டும் கேட்டேன். உயரமானவரைத் தொட்டு, "அண்ணை. இடக்கையைப் பொக்கற்றுக்குள்ளை வைச்சுக்கொண்டுதான் எப்பவும் நிப்பார். விரல் ஒண்டு மடங்காது" என்றா. மடங்காத விரலை நான் அதுவரை கேள்விப்படவில்லை. பிறகு கனடாவில் உள்ள மச்சாளும், இதைச் சொல்லாமலே கேட்டபோது, அதே விரலைச் சொன்னா. ஒருவரோடு ஒருவர் கதைக்காத இரண்டு பேர் ஒரே காரணத்தோடு ஒரே ஆளைச் சொன்னால் அதற்கு ஒரு கனம் உண்டு. இரண்டு பெரியவர்களில் யார் குஞ்சியப்பா, யார் மாமா என்று ஆச்சிக்குத் தெரியவில்லை. தொப்பிக்காரரைக் கனநேரம் பார்த்துவிட்டு, "உவர் எங்கடை ஆள் இல்லை" என்றா. ஏன் என்று கேட்டேன். "எங்கடை ஆள் எண்டால் கிட்ட நிண்டிருப்பார்தானே."

மறுநாட் காலை அவவே தொலைபேசி எடுத்தா. "பிள்ளை, நான் யோசிச்சுப் பார்த்தனான். அது ஹோல்டன்தான்." இரவு பேத்தி குழுவில் வந்த மாமியின் செய்தியைக் காட்டியிருக்கிறா. அன்றிலிருந்து ஆச்சி ஹோல்டனின் செருப்பு என்ன நிறம் என்பது வரைக்கும் சொல்லுகிறா. படம் கறுப்பு வெள்ளை. பொய் சொல்லுகிறா என்று நான் நினைக்கவில்லை. முதல்நாள் சொன்னதை எழுதி, நேரமும் போட்டு வைத்திருந்ததால் தப்பினேன். இல்லாவிட்டால் இன்றைக்கு ஹோல்டனுக்கு இரண்டு சாட்சிகள் இருந்திருக்கும், இரண்டும் மாமிதான்.

இனி, மாமியை மாமியைக் கொண்டே மடக்கிய கதை. மாமாவின் பழைய கடவுச்சீட்டை அவ பத்திரமாக வைத்திருக்கிறா. அதில் 1954இல் கொழும்பிலிருந்து கப்பலேறிய முத்திரை இருக்கிறது. அதற்குப் பிறகு இலங்கைக்குள் நுழைந்த முத்திரை 1961இல்தான். படத்தில் நிற்பது மாமாவானால் அது 1954க்கு முந்தியது அல்லது 1961க்குப் பிந்தியது. ஹோல்டன் படப்பிடிப்புக்கு வந்தது இரண்டுக்கும் நடுவில். அதாவது இந்த மணலில் மாமா நிற்கலாம், அல்லது ஹோல்டன் நிற்கலாம்; இரண்டு பேரும் சேர்ந்து நிற்க முடியாது. இதை மெதுவாக மாமியிடம் சொன்னேன். "லீவிலை வந்திருப்பார்" என்றா. 1956 நவம்பர் தொடக்கம் அடுத்த ஏப்ரல் வரை சூயஸ் கால்வாய் மூடிக் கிடந்தது, கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றி வந்தன, முத்திரையும் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்ப அது மாமா இல்லையாக்கும்" என்றா. ஹோல்டனை விட மனமில்லை.

இதற்கு நாங்கள் மட்டும் சிரிப்புக்குரியவர்கள் அல்ல. ஓவியர் வான் கோ பதின்மூன்று வயதில் எடுத்த படம் என்று ஒரு பையனின் படம் அறுபது வருடங்களாகப் புத்தகங்களில் வந்துகொண்டிருந்தது. குடும்பச் சாடை இருந்தது, யாரும் கேள்வி கேட்கவில்லை. கேள்வி கேட்டபோது ஆட்டங்கண்டது முகமல்ல, படம் எடுத்த கடை. பிரசல்ஸில் அந்த ஸ்டூடியோவை வைத்திருந்த பல்டுயின் ஷ்வார்ட்ஸ் 1870இல்தான் அந்த நகரத்துக்கு வந்தவர். வின்சென்ட் 1853இல் பிறந்தவர். அவருக்குப் பதின்மூன்று வயதானபோது அங்கே அந்தக் கடையே இல்லை. தம்பி தியோ 1873இல், பதினைந்து வயதில், பிரசல்ஸில் வேலைக்குப் போனவர். காது, கண் எல்லாவற்றையும் மற்றப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, அது தியோ என்று ஆம்ஸ்டர்டாமில் உள்ள வான் கோ அருங்காட்சியகம் 2018இல் அறிவித்தது. எங்கள் தொப்பிக்காரருக்குக் காது தெரியவில்லை. எங்கள் படத்தில் ஸ்டூடியோ முத்திரையும் இல்லை. பெட்டிக் கமராவில் எடுத்து, பிலிம் அளவிலேயே அடித்த ஆறு சதமமீற்றருக்கு ஒன்பது சதமமீற்றர் படம். அதில் ஒரு முகம் உளுந்தளவு. அதைப் பெருப்பித்தால் உளுந்து பூசணிக்காய் ஆகும், முகம் ஆகாது.

கடைசியில் எழுதவேண்டிய நாள் வந்தது. இங்கே மூன்று வழிகள் சம்பிரதாயமாக உண்டு. முதலாவது மாமி வழி: "பெரியம்மா ஹொலிவுட் நடிகர் வில்லியம் ஹோல்டனுடன், கல்கிசை, 1957." ஏழு சொல்லில் குறைந்தது இரண்டுக்கு ஆதாரமில்லை. அழகான குறிப்பு. இரண்டாவது கோழை வழி: "பெரியம்மாவும் உறவினரும் நண்பரும்." யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், ஆனால் அடுத்த தலைமுறைக்கு அந்த விரல், வரி, கடவுச்சீட்டு எல்லாம் போய்விடும். தொப்பிக்காரருக்கு 'நண்பர்' என்று நாங்கள் கொடுத்த பதவிக்கும் ஆதாரமில்லை. மூன்றாவது பத்திரிகை வழி: "ஹோல்டன் எனக் கருதப்படுகிறது." இந்த 'கருதப்படுகிறது' எங்கள் மொழியில் ஒரு நல்ல ஒளிப்பிடம். கருதியவர் யார்? மாமி. அவ அந்தக் கடற்கரையில் நின்றாவா? இல்லை, 1958இல் கலியாணம் கட்டியவ. அதைச் சொல்லவேண்டியதுதானே. 'இன்னார் சொல்கிறார்' என்று எழுதினால் வாசிப்பவர் இன்னாரை எடைபோட்டுக்கொள்வார். 'கருதப்படுகிறது' என்று எழுதினால் ஊரே சேர்ந்து கருதியதுபோலத் தோன்றும்.

எழுத்துக்கு இன்னொரு ஆபத்து அச்சகத்தில் இருக்கிறது. ஆவணக்காப்பகங்களில், தாங்களாகச் சேர்த்த பெயரைச் சதுர அடைப்புக்குள் போட்டு, சந்தேகமானால் கேள்விக்குறியும் போடுவார்கள். நானும் பெரிய ஆளாக நினைத்து முதற் பிரதியில் அப்படியே செய்தேன். திருத்தம் பார்க்க வந்த தாளில் அடைப்பும் இல்லை, கேள்விக்குறியும் இல்லை. கேட்டதற்கு அந்தப் பொடியன், "அண்ணை, கேள்விக்குறி போட்டால் அச்சுப்பிழை எண்டு நினைப்பினம், நான் எடுத்துவிட்டனான்" என்றான். அவனில் பிழையில்லை. குறியீட்டில் வைத்த சந்தேகம் கைமாறும்போது உதிர்ந்துவிடும். முன்னுரையில் 'சில படங்களில் உள்ளவர்கள் உறுதியாகவில்லை' என்று பொதுவாக எழுதினாலும் ஒன்றுதான். யாரும் முன்னுரையைச் சேர்த்து வெட்டிப் பகிர்வதில்லை, படத்தையும் அதன் கீழ் உள்ள இரண்டு வரியையும்தான் வெட்டுவார்கள். ஆகவே சந்தேகத்தைச் சொல்லாகவே, அந்தப் பெயருக்குப் பக்கத்திலேயே ஒட்டிவைத்தேன். இடம் போதாமல் படத்தை அரைச் சதமமீற்றர் குறைத்தோம்.

பதினான்காம் பக்கத்தில் இப்போது உள்ளது இது:

"கல்கிசைக் கடற்கரை, பின்னால் ஹோட்டல். ஆண்டு குறிக்கப்படவில்லை, இரண்டாவதாக நிற்பவர் அண்ணா என்றால் 1954க்கு முன் அல்லது 1961க்குப் பின். பார்ப்பவரின் இடக்கைப் பக்கமிருந்து: பெரியம்மா, அவருடைய அண்ணாவாகப் பெரும்பாலும் இருக்கக்கூடியவர் (உறவினர் இருவர் தனித்தனியே அடையாளம் சொன்னது), பெரியவர்கள் இருவர், பின்பக்கக் குறிப்பில் உள்ள குஞ்சியப்பாவும் மாமாவுமாக இருக்கலாம், எவர் எவர் என்று தெரியவில்லை, தொப்பி அணிந்தவர் யாரென்று அறியப்படவில்லை, பின்பக்கக் குறிப்பில் இவர் இல்லை. இவர் நடிகர் வில்லியம் ஹோல்டன் என்று குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பின்பக்கக் குறிப்பு: 'கல்கிசை. நான், அண்ணா, குஞ்சியப்பா, மாமா.' கையெழுத்து பெரும்பாலும் பெரியம்மாவுடையது."

ஹோல்டனை ஏன் முழுக்க வெட்டவில்லை என்று மருமகன் கேட்டார். வெட்டினால் பத்து வருடத்தில் யாரோ ஒரு பேரன் அதைப் புதிதாகக் கண்டுபிடிப்பான். இருந்தால், இதை ஏற்கனவே பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்துகொள்வான்.

பெரியம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் நான் ஒரு சந்தேகமும் போடவில்லை என்பதைக் கவனித்தீர்களா? அச்சுக்குப் போன பிறகு எனக்கே உறைத்தது. அவவைப் பற்றி நான் யாரிடமும் கேட்கவில்லை. இருபது வயதில் அவ எப்படி இருந்தா என்று எனக்கு என்ன தெரியும்? கல்வெட்டு அவவுடையது என்பதால் படத்தில் உள்ள ஒரே பெண் அவவாகத்தான் இருக்கவேண்டும் என்று எடுத்துக்கொண்டேன். தங்கையும் அந்த நாட்களில் வெள்ளவத்தையில்தான் இருந்தவ. இரண்டு பேருக்கும் ஒரே அண்ணா, ஒரே குஞ்சியப்பா, ஒரே மாமா. அந்தியேட்டி அன்று முந்நூறு பிரதிகள் கைமாறின. என்னிடம் மிஞ்சிய பிரதிகளில் பேனாவால் 'பெரும்பாலும்' என்று எழுதிச் சேர்த்திருக்கிறேன்.

எப்போதோ ஒருநாள் கல்கிசைக் கடற்கரைக்கு அகன்ற தொப்பியோடு போய், தெரியாத ஒரு குடும்பத்தின் படத்தில் ஒரு முழம் தள்ளி நின்றவர் உங்கள் வீட்டுக்காரராக இருந்தால் சொல்லியனுப்புங்கள். அவர் என்று எப்படித் தெரியும் என்பதையும் கூடவே எழுதுங்கள்; மாமி சொன்னா என்று மட்டும் எழுதவேண்டாம்.